மேனேஜர் படிக்கும் முதல் ஐந்து வரி

என் தம்பி மகள் இங்கே நாக்பூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீடுகளில் மாட்டும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கு ஏ.எம்.சி. என்னும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும் கம்பெனி அது. தீபாவளிக்கு முன் ஒரு மாதம் விளம்பரம் செய்தார்கள். அதன் பலன் என்ன என்று மேனேஜருக்கு அறிக்கை எழுதும் வேலை இவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பக்கங்களை எடுத்துக்கொண்டு வந்து, "பெரியப்பா, நீங்கள் ரயில்வேயில் எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருப்பீர்களே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

எழுதியிருக்கிறேன், உண்மைதான். ஆனால் டிப்ளமா முடித்துத் தண்டவாளப் பிரிவில் சேர்ந்த புதிதில் நான் எழுதியவை மோசமானவை. குளிர்கால இரவுகளில் தண்டவாளம் சுருங்கி விரிசல் விடும். அப்படி ஒரு விரிசலைப் பற்றி, ரோந்துக்காரர் கண்டது, நாங்கள் டிராலியில் போனது, எல்லாவற்றையும் வரிசையாக இரண்டு பக்கம் எழுதினேன். உதவிப் பொறியாளர் படித்துவிட்டு, "வண்டியை விடலாமா, கூடாதா? அது எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். கடைசிப் பத்தியில் இருந்தது.

தம்பி மகளின் அறிக்கையும் அதே ஜாதிதான். அது ஆங்கிலத்தில் எழுதியது. சாரத்தைத் தமிழில் தருகிறேன். முதல் பக்கம், விளம்பரம் எந்தத் தேதியில் தொடங்கியது, நோக்கம் என்ன என்பது. அடுத்து, "மொத்தம் 43,000 குடும்பங்களைச் சென்றடைந்தோம், 500 பேர் விசாரித்தார்கள், 100 ஒப்பந்தம் கிடைத்தது, ஒப்பந்தம் ஒன்றுக்கு ரூ. 1,200 செலவு" என்ற வரி. பிறகு வண்ணப்படங்கள். நான்காம் பக்கத்தில் ஒரு அட்டவணை. கடைசியில், "வருங்காலத்தில் விளம்பர வழிகளை மறுபரிசீலனை செய்யலாம்."

நான் ஒன்றும் சொல்லாமல் முதல் பக்கத்தை மட்டும் அவள் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "ஐந்நூறு பேர் விசாரித்திருக்கிறார்களே, நன்றாகத்தானே போயிருக்கிறது? மறுபடியும் செய்ய வேண்டியதுதான்" என்றாள். அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் முதல் பக்கத்தைப் படித்து என்ன புரிந்துகொள்கிறாரோ, அவசரத்தில் இருக்கும் மேனேஜரும் அதைத்தான் புரிந்துகொள்வார். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே செல்போனில் படிக்கிறவர் அவர்.

விஷயம் நான்காம் பக்கத்து அட்டவணையில் இருந்தது. விளம்பரம் இரண்டு வழியில் நடந்திருக்கிறது. செய்தித்தாளுக்குள் வைத்து 40,000 நோட்டீஸ், செலவு ரூ. 80,000, விசாரித்தவர் 300, ஒப்பந்தம் 20. ஒப்பந்தம் காலாவதியான பழைய வாடிக்கையாளர் 3,000 பேருக்கு வாட்ஸப் செய்தி அனுப்பிப் போனில் பேசியது இன்னொன்று, செலவு ரூ. 40,000, விசாரித்தவர் 200, ஒப்பந்தம் 80. வகுத்துப் பாருங்கள். நோட்டீஸ் வழி ஒப்பந்தம் ஒன்றுக்கு ரூ. 4,000, போன் வழி ரூ. 500. ஒப்பந்தத்தின் விலையே ரூ. 2,500தான்! இரண்டையும் சேர்த்து ரூ. 1,200 என்று சராசரி போட்டவுடன், ஒன்று நஷ்டம், ஒன்று லாபம் என்பதே மறைந்துபோயிற்று. 43,000, 500 போன்ற பெரிய எண்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் மேனேஜர் அடுத்த மாதம் பணத்தை எதில் போடுவது என்பதை அவை சொல்லவில்லை.

"இதை ஏன் கடைசியில் வைத்தாய்?" என்றேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நோட்டீஸ் யோசனை மேனேஜருடையது, பெரியப்பா" என்றாள். வியாழக்கிழமை அடுத்த 40,000 நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகிறதாம். ஆக, குறை எழுத்தில் இல்லை, பயத்தில் இருந்தது. அதற்காகக் கணக்கை நான்காம் பக்கத்தில் புதைக்க முடியுமா? 'நோட்டீஸ் தோல்வி' என்று எழுத வேண்டாம், ரூபாயை மட்டும் எழுது, யார் யோசனை என்பதை எழுத வேண்டியதே இல்லை என்றேன்.

இதை மேலே கொண்டுவரும்போது ஒரு ஆபத்து உண்டு. சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியங்களைத்தான். இங்கே இரண்டு 'ஆனால்' இருந்தன. ஒன்று, நோட்டீஸ் ஒப்பந்தங்களைக் கூப்பன் எண்ணை வைத்து எண்ணியிருக்கிறார்கள். கூப்பனைச் சொல்லாமல் வந்தவர்கள் கணக்கில் இல்லை. சரி, பாதிப்பேர் விட்டுப்போனார்கள், உண்மையில் 40 ஒப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்றுக்கு ரூ. 2,000, போன் வழியைப் போல நான்கு மடங்கு. முடிவு மாறாது. இப்படி எண்ணை இழுத்துப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று சோதித்து ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும்.

இரண்டாவது கொஞ்சம் கடினம். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் நாம் போன் செய்யாவிட்டாலும் தாங்களாகவே புதுப்பித்திருப்பார்களே? அவர்களையும் போனின் வெற்றியாக எண்ணிவிட்டோமே? இதற்கு இருக்கும் எண்களில் விடை இல்லை. பட்டியலில் இன்னும் அழைக்காத 2,800 பேர் இருந்தார்கள். ஒவ்வொரு ஒன்பதாவது பெயரையும் அழைக்காமல் விடு, அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் தானாகப் புதுப்பிப்பவர் எத்தனை என்று பின்னால் தெரிந்துவிடும் என்றேன். பேச எளிதான வாடிக்கையாளர்களை அழைத்து, தொல்லை பிடித்தவர்களை விட்டுவிட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும். அதனால்தான் ஒன்பதாவது பெயர்.

இரவு எட்டு மணிக்கு அறிக்கையின் தலையில் இப்படி ஐந்து வாக்கியங்கள் வந்தன:

"நோட்டீஸ் வழி ஒப்பந்தம் ஒன்றுக்கு ரூ. 4,000 செலவு, பழைய வாடிக்கையாளருக்குப் போன் செய்ததில் ரூ. 500, ஒப்பந்த விலை ரூ. 2,500. கூப்பன் சொல்லாதவர்களைச் சேர்த்து நோட்டீஸ் ஒப்பந்தத்தை இருமடங்காகக் கொண்டாலும் ரூ. 2,000. வியாழக்கிழமை அச்சுக்குப் போகும் 40,000 நோட்டீஸை நிறுத்தி வைக்கத் தங்கள் அனுமதி தேவை. அந்த ரூ. 80,000இல் பாதியைக் கொண்டு மீதிப் பழைய வாடிக்கையாளரை இம்மாத இறுதிக்குள் நான் அழைத்து முடிக்கிறேன். தானாகப் புதுப்பிப்பவர் எத்தனை என்று அறிய, ஒன்பதில் ஒருவரை அழைக்காமல் விடுகிறேன்."

'மறுபரிசீலனை செய்யலாம்' போயிற்று. யார், என்ன, எவ்வளவு பணம், எப்போது என்பது வந்தது. அட்டவணை அதற்கு அடியில், மற்றதெல்லாம் பின்னிணைப்பு. வண்ணப்படங்களில் ஒன்று மட்டும் தப்பித்தது. அம்மாவிடம் மறுபடி கொடுத்தோம். "நோட்டீஸை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறாயா? வியாழக்கிழமைக்குள்ளேயா?" என்றாள். போதும், அனுப்பு என்றேன்.

மறுநாள் பகல் மேனேஜரிடமிருந்து ஒரே கேள்வி வந்ததாம்: "நோட்டீஸ் பார்த்து விசாரித்த 300 பேருக்கு, எத்தனை நாள் கழித்துத் திரும்பப் பேசினோம்?" இந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. பதிவேட்டைப் புரட்டியபோது, பலருக்கு மூன்றாம் நாள், நான்காம் நாள் என்றிருந்தது. போனில் பேச வைத்த அதே இரண்டு ஆட்கள்தான் இதையும் பார்த்திருக்கிறார்கள். பழைய பட்டியலை முடித்த பிறகே இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நோட்டீஸின் குறையில் ஒரு பங்கு நம் தாமதம். அவள் அதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினாள்.

அச்சு வேலை நின்றது. முழுவதும் அல்ல, 5,000 நோட்டீஸ் மட்டும் இரண்டு பேட்டைகளுக்குப் போகட்டும், விசாரிப்பவர்களிடம் அன்றே பேசுங்கள், பிறகு மறுபடி கணக்குப் போடலாம் என்று மேனேஜர் எழுதிவிட்டார். ஒன்பதாவது பெயர்களின் கணக்கும் அதோடு சேர்ந்து மாதக் கடைசியில் வரும். அந்த அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.