வியாழக்கிழமைப் பட்டுவாடா

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை மட்டும், சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல் மில்லிலிருந்து ஜூன் 7ஆம் தேதியிட்ட இரண்டு பில்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டரை லட்சம். ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம். பத்து நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கேஷ் டிஸ்கவுண்ட், இல்லையென்றால் முப்பது நாளில் முழுத்தொகை. இன்று வியாழன், ஜூன் 12. தள்ளுபடிக்கு 17ஆம் தேதி வரை நேரம் இருக்கிறதே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கர் பில்களைக் கீழே வைத்தால் பத்தாயிரம் ரூபாய் போய்விட்டது. ஏனென்றால் அடுத்த வியாழன் 19ஆம் தேதி.

பட்டுவாடா நாளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இன்று எது கெடு?’ என்பது அல்ல. ‘அடுத்த பட்டுவாடாவுக்கு முன் எது கெடு தாண்டும்?’ என்பதுதான். பெரிய கம்பெனிகள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளில் F110 என்ற பட்டுவாடாத் திரை, அடுத்த பட்டுவாடாத் தேதியையும் கட்டாயம் கேட்கும். அந்தத் தேதி தெரியாமல் எந்தப் பில்லை இன்று எடுப்பது, எதைத் தள்ளுவது என்று அதனால் சொல்ல முடியாது. டேலியோ நோட்டுப் புத்தகமோ வைத்திருப்பவர்களும் ஒவ்வொரு பில்லுக்கும் தள்ளுபடிக் கெடு, இறுதிக் கெடு என இரண்டு தேதி குறித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்கலாம்.

சரி, கெடுவுக்குள் கட்டலாம். ஆனால் கட்டுவது லாபமா? நூல் பில்லின் இறுதிக் கெடு ஜூலை 7. அதற்கு முந்தைய வியாழன் ஜூலை 3. அதாவது தள்ளுபடியை விட்டுவிட்டாலும் ஜூலை 3 அன்று பணம் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே இன்று கட்டுவதால் நம் கையைவிட்டு 21 நாள் முன்னதாகப் பணம் போகிறது. அந்தப் பணம் வங்கியின் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து 11 சதவீத வட்டிக்கு எடுத்தது என்றால், 4,90,000 ரூபாய்க்கு 21 நாள் வட்டி ஏறக்குறைய 3,100. கிடைக்கும் தள்ளுபடி 10,000. கடன் வாங்கிக் கட்டினாலும் 6,900 ரூபாய் மிச்சம். பில்லில் பத்து, முப்பது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வித்தியாசம் 20 நாள் என்று போடாமல், பட்டுவாடாவுக்குப் பட்டுவாடா நாளை எண்ணினால்தான் கணக்கு நிஜமாகும்.

எல்லாத் தள்ளுபடியும் இப்படி அல்ல. அட்டைப்பெட்டி சப்ளையர் ஒருவர் மூன்று லட்ச ரூபாய் பில்லுக்கு ஏழு நாளில் கட்டினால் அரை சதவீதம், இல்லையேல் அறுபது நாள் என்கிறார். தள்ளுபடி 1,500 ரூபாய். எட்டு வாரம் முன்கூட்டியே கட்டுவதற்கான வட்டி ஐயாயிரத்தைத் தாண்டும். இதைச் சந்தோஷமாக விட்டுவிடலாம்.

ஆனால் அறுபது நாள் வரை இழுக்கவும் முடியாது. அவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளர் என்றால், 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டுவட்டி. ஜூன் 10இல் வந்த பெட்டிக்கு 45ஆம் நாள் ஜூலை 25. அது வெள்ளிக்கிழமை. ஆக ஜூலை 24 வியாழன் அன்றே இவருக்குப் பணம் போயாக வேண்டும். 42 நாள் என்று குறைத்துப் போட்டாலும் வட்டி 3,800 அளவில் வருகிறது. தள்ளுபடி இன்னமும் கட்டுப்படியாகவில்லை.

இனிக் கையிருப்பு. கேஷ் கிரெடிட்டில் எடுக்காமல் மிச்சமிருக்கும் வரம்பு 15 லட்சம். பெரிய பையரிடமிருந்து பணம் 24ஆம் தேதி வரும் என்று எதிர்பார்ப்பு. அதற்குள் இரண்டு சனிக்கிழமைக் கூலி, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி, தள்ளுபடி இல்லாமல் ஏற்கனவே கெடு வந்துவிட்ட பில்கள் எல்லாம் சேர்த்து 8 லட்சம். மீதி 7 லட்சம். நூல் மில்லுக்கு 4,90,000 கொடுத்தால் 2,10,000 நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு சோதனை போட வேண்டும். பையரின் பணம் ஒரு வாரம் தள்ளிப்போனால்? பையர் பணம் சொன்ன தேதியில் வருவதை நம்பித் தொழில் செய்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மூன்றாவது சனிக்கிழமைக் கூலி இரண்டரை லட்சம் வந்து நிற்கும், நாற்பதாயிரம் குறையும். 6,900 ரூபாய்க்காகக் கூலி நாளில் தொழிலாளியை நிறுத்திவைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. எனவே இரண்டில் ஒரு பில்லை மட்டும் கட்டுவதுதான் சரி. அப்போது கூலியும் போய், இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். ஒரு பில்லின் நிகர லாபம் 3,450 ரூபாய். மற்றொன்றை விட்டதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதே நாளில் தள்ளுபடி தரும் பில்கள் பல இருந்தால், வட்டி போக ரூபாய்க்கு எது அதிகம் தருகிறதோ அதிலிருந்து தொடங்கி, இந்தச் சோதனை தாங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கும்போது, பணம் கட்டாத சரக்கின் மதிப்பைக் கழித்துவிட்டுத்தான் பொதுவாக வங்கி எடுக்கக்கூடிய தொகையைக் கணக்கிடும். ஆகவே மாதக் கடைசிக்குள் சப்ளையர் பாக்கி குறைந்தால், அனுமதித்த வரம்புக்கு உட்பட்டு, எடுக்கும் தொகையும் கொஞ்சம் கூடும்.

இவ்வளவு கணக்குப் போட்டாலும் தள்ளுபடி வேறு இடத்தில் தவறும். ஜூன் 7 பில், சரக்கு வந்தது 9ஆம் தேதி. ஸ்டோரில் வரவு வைத்தது 11. பர்ச்சேஸ் ஆள் விலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியது 14. அதற்குள் 12ஆம் தேதிப் பட்டுவாடா முடிந்துவிட்டது. வங்கியில் பணம் இருந்தும், பில் மேசையில் உறங்கியதால் போன தள்ளுபடி இது. தள்ளுபடி உள்ள பில்லுக்குத் தனி முத்திரை குத்தி அன்றைக்கே வரவு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நாளை எண்ணுவது பில் தேதியிலிருந்தா, சரக்கு சேர்ந்த தேதியிலிருந்தா என்று மில்லிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது.

பணம் கட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. 2,50,000 பில்லுக்கு 2,45,000 அனுப்பியதும், மீதி 5,000 ரூபாயைத் தள்ளுபடி என்று அன்றே லெட்ஜரில் வரவு வைக்காவிட்டால் அது கடன்பாக்கியாகவே நிற்கும்; இறுதிக் கெடு நெருங்கும்போது பட்டுவாடாப் பட்டியலில் ஏறி, மில்லுக்கே போய்ச் சேரும். மில் ஜிஎஸ்டியோடு கிரெடிட் நோட் கொடுத்தால், நாம் எடுத்த உள்ளீட்டு வரியையும் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கடந்த மூன்று மாதப் பில்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தவறிய ஒவ்வொரு தள்ளுபடிக்கும் பக்கத்தில் பணம் இல்லையா, பில் தாமதமா, அடுத்த பட்டுவாடாவைப் பார்க்காததா என்று காரணத்தை எழுதுங்கள். முதல் காரணம் அதிகமிருந்தால் வங்கி மேனேஜரிடம் பேச வேண்டும்; மற்ற இரண்டும் அதிகமிருந்தால் உங்கள் ஸ்டோரிலும் அக்கவுண்ட்ஸிலும்தான் பேச வேண்டும்.