அறுபத்திரண்டு சதவீதம் எங்கிருந்து வந்தது?

மென்பொருள் நிறுவனங்களில் கஸ்டமர் சக்சஸ் என்று ஒரு பிரிவு உண்டு. விற்பனை முடிந்த பிறகு வாடிக்கையாளரோடு கூடவே இருப்பவர்கள் இவர்கள். வாங்கிய மென்பொருள் பயன்படுகிறதா, எங்கே சிக்குகிறது என்று பார்ப்பது இவர்கள் வேலை. காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் இருபது முப்பது ஸ்லைடுகளில் காட்டுவார்கள். அந்தத் தொகுப்புக்குப் பெயர் டெக். கூட்டம் நன்றாக முடிந்துவிட்டால், நாலு நாளில் மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "இதையே ரெண்டு பக்கத்தில் கேஸ் ஸ்டடியாக எழுதித் தாங்களேன்" என்பார்.

சவால், அணுகுமுறை, அளந்து சொல்லக்கூடிய முடிவு என்று மூன்று பகுதி. ஸ்லைடில் இருப்பதை வாக்கியமாக்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதாது. டெக்கைப் பார்த்தவர்களுக்குக் கதை முழுவதும் தெரியும். தெரியாததைக் கேட்டால் சொல்ல, ஸ்லைடு காட்டுபவர் எதிரே நிற்கிறார். கேஸ் ஸ்டடியைப் படிப்பவரோ வேறு ஊரில், வேறு நிறுவனத்தில், இதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். ஸ்லைடு சொல்லாமல் விட்டதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஸ்லைடு எதை விடும் என்பதற்கு மறக்க முடியாத ஒரு சான்று இருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்தார்கள். ஏவும்போது கழன்ற நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. கலம் வானில் இருக்கும்போதே அந்த மோதலை ஆராய்ந்த பொறியாளர்களின் ஸ்லைடு ஒன்றை எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் பிறகு வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். மேலே இருந்த தலைப்பு நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாகக் கணித்த துண்டு 1,920 கன அங்குலம் என்ற செய்தி கடைசி வரியில் சிறிய எழுத்தில் கிடந்தது. எந்த நிலைமையில் அளந்தார்கள் என்பது அடியில் போய்விட, முடிவு மட்டும் தலைப்பில் நின்றது. நம் டெக்குகளில் யார் உயிரும் போகாது. ஆனாலும் எண் மேலே, அளந்த நிலைமை கீழே அல்லது எங்கேயுமே இல்லை என்ற அமைப்பு அதேதான்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நிறுவனமும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. சிக்கல்கள் இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படுபவை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஏசி பழுது பார்க்கும் ஒரு நிறுவனம், புகார்களைக் கையாள ஒரு மென்பொருளைப் போன ஜூலையில் வாங்கியது. ஓராண்டு கழித்து நடந்த கூட்டத்தின் டெக்கில் 26 ஸ்லைடுகள். பதினொன்றாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில், "முதல் பதில் தரும் நேரம் 62% குறைந்தது."

கேஸ் ஸ்டடி எழுத உட்கார்ந்தால் நான் முதலில் தொடுவது சவாலையோ அணுகுமுறையையோ அல்ல, இந்த எண்ணைத்தான். எது எதோடு ஒப்பிடப்பட்டது, எந்தக் காலத்தில், எதை வைத்து அளந்தார்கள் என்று டெக் தயாரித்தவரிடம் கேட்க வேண்டும். இது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. அவரும் அவசரத்தில் திரையில் தெரிந்த வரைபடத்தை எடுத்து ஒட்டியிருப்பார்.

கேட்டதும் வரும் விடை: போன ஆண்டு மே மாதத்தில் சராசரி 13 மணி நேரம், இந்த ஆண்டு ஜனவரியில் 5 மணி நேரம். கணக்கு சரி, 62 சதவீதம்தான். ஆனால் ஏசி பழுது பார்ப்பவருக்கு மே என்பது என்ன மாதம்? அக்னி நட்சத்திரத்தில் போன் ஓயாது. ஜனவரியில் ஏசி போடுபவர்களே குறைவு. மென்பொருள் வாங்காமல் இருந்திருந்தாலும் மே மாதத்தைவிட ஜனவரியில் பதில் சீக்கிரம்தான் போயிருக்கும். கோடையைக் கோடையோடு ஒப்பிட வேண்டும். போன ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, இந்த ஆண்டு அதே மூன்று மாதம்.

அடுத்தது நுட்பமானது, பலர் தவறவிடுவது. போன ஆண்டுக் கணக்கு எக்செல்லில் கையால் எழுதியது. புகார் வந்த நேரம், பதில் போன நேரம், இரண்டுக்கும் இடையில் கடிகாரம் ஓடிய மணி எல்லாம் கணக்கில் வரும். புதிய மென்பொருளோ அலுவலக நேரத்தை மட்டும் எண்ணும்படி அமைக்கப்பட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஒரு புகார் வருகிறது, மறுநாள் காலை பத்து மணிக்குப் பதில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்செல் கணக்கில் 17 மணி நேரம். ஒன்பதிலிருந்து ஆறு வரை வேலை செய்யும் அலுவலகத்துக்கு மென்பொருள் காட்டுவது 2 மணி நேரம். வீட்டுக்காரர் வேர்த்துக்கொண்டு காத்திருந்த நேரம் ஒன்றுதான். அளவுகோல் மாறியதை முன்னேற்றம் என்று எழுதினால், படிப்பவரை ஏமாற்றியதாகிவிடும்.

இதோடு தானியங்கிப் பதிலையும் பார்க்க வேண்டும். "உங்கள் புகார் பதிவானது" என்று மென்பொருளே அனுப்பும் செய்தி முதல் பதிலாக எண்ணப்பட்டிருந்தால் நேரம் சில நொடிகளுக்குச் சுருங்கிவிடும். பல புகார்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் போனதாகப் பட்டியல் காட்டினால், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். மனிதர் அந்த வேகத்தில் பதில் எழுதுவதில்லை.

எனவே மூல விவரத்தை மென்பொருளிலிருந்து இறக்கி, தானியங்கிச் செய்திகளை நீக்கி, இரண்டு ஆண்டுக்கும் கடிகார மணியிலேயே கணக்கிட வேண்டும். சராசரிக்குப் பதில் இடைநிலையை எடுப்பது நல்லது. எல்லாப் புகார்களையும் நேர வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பதுதான் இடைநிலை. யாரோ மறந்துபோய்ப் பத்து நாள் கிடந்த நாலு புகார்கள் சராசரியை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும், இடைநிலையை அவ்வளவாக அசைக்காது. இப்படிக் கணக்கிட்டதில் போன கோடையில் 9 மணி நேரம், இந்தக் கோடையில் 6 மணி நேரம் என்று வருகிறது. 62 போய், மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று ஆகிவிட்டது.

மார்க்கெட்டிங் பிரிவுக்கு இது பிடிக்காது. ஆனால் வாங்க வருபவரின் தொழில்நுட்ப ஆள் ஒருவர் "எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டால், 62 முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். 9க்கு 6 நிற்கும். நம் நாட்டு விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறையும், அளந்து சரிபார்க்கக்கூடிய எந்தக் கூற்றுக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்கிறது.

இன்னொரு கேள்வி பாக்கி. இடையில் வேறென்ன மாறியது? கேட்டுப் பார்த்தால், அந்த நிறுவனம் புகார் பிரிவில் ஒருவரைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது. ஆறு பேர் ஏழு பேர் ஆகியிருக்கிறார்கள். அப்படியானால் வேகம் ஆளால் வந்ததா, மென்பொருளால் வந்ததா? மாதம் 2,400 ஆக இருந்த புகார்கள் 2,940 ஆகியிருக்கின்றன. ஒருவருக்கு 400 என்பது 420 ஆகியிருக்கிறது. தலைக்கு வேலை கூடியும் பதில் வேகமாகப் போயிருக்கிறது என்பதால் புதிய ஆள் மட்டுமே காரணம் அல்ல என்று சொல்லலாம். மென்பொருள் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. எனவே ஆள் சேர்த்த விஷயத்தை எழுதிவிடுவதே முறை.

வாடிக்கையாளர் திருப்தி 78லிருந்து 91க்கு உயர்ந்தது என்று இன்னொரு ஸ்லைடு சொன்னது. முன்பு ஊழியர்களே போன் செய்து கேட்டார்கள், இப்போது எஸ்எம்எஸ் இணைப்பு போகிறது. கேட்கும் முறையே மாறிவிட்டதால் இரண்டையும் பக்கத்தில் வைக்க வழியில்லை. விட்டுவிட வேண்டியதுதான்.

எண் உறுதியான பிறகுதான் சவால் பகுதிக்கு வருவேன். டெக்கில் அது "பல சேனல்கள், ஒருங்கிணைப்பு இன்மை" என்று இருந்தது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் வரி அது. இதற்கு வாடிக்கையாளரோடு அரை மணி நேரம் பேசுவதைத் தவிர வேறு வழி கிடையாது. "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் அவரும் ஸ்லைடு மொழியிலேயே பேசுவார். "போன மே மாசம் ஒரு திங்கக்கிழமை காலை எப்படி இருந்துச்சு, சொல்லுங்க சார்" என்று கேட்க வேண்டும். அப்போது சர்வீஸ் மேலாளர் சொல்வார்: "மூணு போனு, ஒரு மெயிலு, எல்லாத்துக்கும் தனித்தனி ஷீட்டு. ஒரே வீட்டம்மா போன்லயும் சொல்லியிருப்பாங்க, வாட்ஸ்அப்லயும் போட்டிருப்பாங்க. ரெண்டு மெக்கானிக் ஒரே வாசல்ல போய் நின்னாங்க சார்." ஒரே வாசலில் நிற்கும் அந்த இரண்டு மெக்கானிக்குகள்தான் சவால். அதைப் படித்ததும், இதே தொல்லை உள்ள இன்னொரு மேலாளர் தன் அலுவலகத்தைப் பார்த்துவிடுவார்.

அணுகுமுறையில் செய்யும் வழக்கமான தவறு, மென்பொருளின் வசதிகளையெல்லாம் வரிசையாக அடுக்குவது. டெக்கில் பதினான்கு இருந்தன. சவாலில் சொன்ன சிக்கலைத் தொட்டவை மூன்றுதான். மற்றவை வேண்டாம். தடுக்கிய இடம் ஒன்று இருந்தால் அதையும் சேர்க்கலாம்; படிப்பவர் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் பயனுள்ள செய்தி பெரும்பாலும் அதுதான். எழுதி முடித்தது இப்படி வரும்:

*சவால்.* பல ஊர்களில் ஏசி பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்துக்குப் போன், வாட்ஸ்அப், மின்னஞ்சல் என மூன்று வழியாகப் புகார்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி எக்செல் தாள். கோடை நெரிசலில் ஒரே வீட்டுக்கு இரண்டு மெக்கானிக்குகள் போனார்கள். சில வீடுகள் மறுநாள் வரை பதிலுக்குக் காத்திருந்தன.

*அணுகுமுறை.* ஜூலையில் மூன்று வழிகளும் ஒரே வரிசையில் சேர்க்கப்பட்டன. ஒரே போன் எண்ணிலிருந்து வரும் புகார்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. பின்கோடு பார்த்து அந்தந்தப் பகுதி ஊழியருக்குப் புகார் போனது. முதல் இரண்டு வாரம் ஊழியர்கள் பழைய தாள்களையும் எழுதிவந்ததால் வேலை இரட்டிப்பானது. தாள்களை மூடிய பிறகே மாற்றம் தெரிந்தது.

*முடிவு.* ஏப்ரல்-ஜூன் மாதங்களில் முதல் பதிலுக்கான இடைநிலை நேரம் 9 மணியிலிருந்து 6 மணியாகக் குறைந்தது (இரவு நேரமும் சேர்த்து, தானியங்கிப் பதில்கள் நீக்கி). இதே காலத்தில் மாதப் புகார்கள் 2,400லிருந்து 2,940 ஆகவும், ஊழியர்கள் ஆறிலிருந்து ஏழாகவும் உயர்ந்தனர்.

இருபத்தாறு ஸ்லைடில் மிஞ்சியது இவ்வளவுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதி, கூடுதலாக என்ன விற்கலாம் என்ற குறிப்பு, அவர்கள் ஊழியர்களின் பெயர் போட்ட பட்டியல் ஆகியவை டெக்கைவிட்டு வெளியே வரக்கூடாதவை. ஸ்லைடை அப்படியே நகலெடுக்கும்போது இவைதான் தவறுதலாக ஒட்டிக்கொண்டு வரும்.

பிறகு வாடிக்கையாளரின் ஒப்புதல். வாய்மொழியாக "நல்லா இருக்கு" என்பது போதாது. எழுத்தில், இறுதி வடிவத்தின் மேல் வாங்க வேண்டும். சர்வீஸ் மேலாளர் சம்மதித்தாலும் அவர்கள் சட்டப் பிரிவு பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லக்கூடும். மேலே பெயரில்லாமல் எழுதியது அதனால்தான். இரண்டு மெக்கானிக் வரியையும் எடுக்கச் சொன்னால் வாதாடிப் பார்க்கலாம், கடைசிச் சொல் அவர்களுடையது.

வெளியிடுவதற்கு முன் இன்னும் ஒரு வேலை. இறக்கிய மூல விவரம், பழைய எக்செல், எதை நீக்கினோம் என்ற நாலு வரிக் குறிப்பு, ஒப்புதல் மின்னஞ்சல் ஆகிய நான்கையும் தேதி போட்டு ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து விற்பனைப் பிரிவிலிருந்து யாரோ, "கிளையண்ட் கேக்கிறாரு, அந்த ஒன்பது மணி நேரம் எங்கேருந்து வந்துச்சு?" என்று போன் செய்வார்கள். அப்போது டெக் தயாரித்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.