பீரை விட்டவர் கலருக்குத் தாவினால்

நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் பெரும்பாலும் அது கவுட். ரத்தத்தில் மிஞ்சிய யூரிக் அமிலம் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிவதால் வருவது. இது வந்த பிறகும் ‘பீர் குடித்தால் சூடு தணியும், கிட்னி கல் கரையும்’ என்று பாட்டிலைத் திறப்பவர்களை என்ன சொல்வது? பீரால் சிறுநீர் கூடும். யூரிக் அமிலம் வெளியேறாது. ஆல்கஹால் சிதையும்போது கூடும் லாக்டிக் அமிலம், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியே தள்ளவிடாமல் தடுக்கிறது. போதாததற்கு, யூரிக் அமிலமாக மாறும் பியூரின் பீரிலேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வேன் டிரைவர் ஒருவர் பீரை அடியோடு விட்டார். பதிலுக்குத் தினமும் இரண்டு பாட்டில் கலர். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. அதில் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் அதை அவசரமாகச் செரிக்கும்போது செலவாகும் ஏடிபி உடைந்து, மிச்சம் யூரிக் அமிலமாகிறது. ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வை 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. தினம் இரண்டோ அதற்கு மேலோ இனிப்புக் குளிர்பானம் குடித்தவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு 85 சதவீதம் அதிகம். பாக்கெட் ஜூஸையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். லேபிளில் சர்க்கரை 100 மில்லிக்குத்தான் போட்டிருக்கும். முழு பாட்டிலுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

டிரைவருக்கு வலி வந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.4. ‘நார்மல்’ என்று அனுப்பிவிட்டார்கள். வலியின் உச்சத்தில் யூரிக் அமிலம் இறங்கிக் காட்டக்கூடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 8.9. சீட்டில் சீரம் யூரிக் ஆசிட், கிரியாட்டினின் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வலி வந்த தேதியை ரிப்போர்ட்டின் மேலேயே குறித்துவையுங்கள். லேப் அச்சடிக்கும் ‘7 வரை நார்மல்’ கவுட் உள்ளவருக்கு அல்ல. உங்கள் இலக்கு 6க்குக் கீழே.

அடிக்கடி வலி வருகிறவருக்குப் பானங்களை விடுவது மட்டும் பெரும்பாலும் போதாது. ஒவ்வொரு முறையும் மெடிக்கலில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கி விழுங்கினால் சிறுநீரகம்தான் கெடும். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரும் இதில் பங்காளி. டாக்டர் அலோபியூரினால் தொடங்கினால் வழக்கமாக 100 மில்லிகிராமோ அதற்குக் குறைவோதான் தருவார். ரத்தம் பார்த்துக் கூட்டுவார். முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரலாம், அதைத் தடுக்கக் கோல்ச்சிசினும் எழுதுவார். அந்த வலியைப் பார்த்து ‘மாத்திரை ஒத்துக்கவில்லை’ என்று நிறுத்தாதீர்கள். திரும்பச் சொல்கிறேன், வலிக்காக நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.