சின்ன வெங்காய ஊறுகாயும் புட்டியின் மேலுள்ள எழுத்தும்

பெரம்பலூர்ச் சீமை சின்ன வெங்காயத்திற்குப் பேர்போனது. விலை சரிந்த நாட்களில் மிஞ்சியதை ஊறுகாயாக்கிப் புட்டியில் அடைத்து விற்க முனைவது இயல்பே. திருவிழாக் கடைகளிலும் மகளிர் குழுக்களின் விற்பனை மேசைகளிலும் இத்தகைய புட்டிகளை நாம் விரும்பி வாங்குகிறோம். வாங்குமுன் அவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறோமா?

மாங்காயும் எலுமிச்சையும் தம்மிலேயே புளிப்புடையவை. வெங்காயமும் பூண்டும் அவ்வாறல்ல. இவ்வேறுபாடு சுவையோடு முடிவதன்று. ஊறுகாயின் மேல் நிற்கும் எண்ணெய், காற்றைத் தடுத்துப் பூஞ்சணத்தை விலக்குகிறது. ஆனால் காற்றில்லாத இடத்திலேயே வளரும் ஒரு நுண்ணுயிர் உண்டு. அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம். புளிப்பும் உப்பும் போதாத பண்டத்தை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைத்தால், அது அங்கே நஞ்சைக் கக்கக்கூடும். நாற்றமோ நிறமாற்றமோ இன்றியும் அந்நஞ்சு இருக்கலாம் என்பதே இதிலுள்ள கொடுமை. 1985ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகர உணவகம் ஒன்றில், எண்ணெயிலிட்ட நறுக்கிய பூண்டினால் 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். குளிர்பெட்டியில் இருக்கவேண்டிய புட்டி வெளியில் இருந்ததே காரணம்.

நம் பாட்டிமார் வெங்காய ஊறுகாய்க்குப் புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்பைத் தாராளமாக இட்டு, சுருள வதக்கியது வீண்போகவில்லை. ஆகவே வெங்காய, பூண்டு ஊறுகாயில் நாம் முதலில் தேடவேண்டியது புளி, எலுமிச்சைச் சாறு, வினிகர் இவற்றுள் ஒன்றை. அசெட்டிக் அமிலம் (ஐ.என்.எஸ். 260), சிட்ரிக் அமிலம் (ஐ.என்.எஸ். 330) என்று எழுதியிருந்தாலும் அதுவே பொருள். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதவேண்டும் என்பது சட்டம். எனவே புளி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். இவற்றுள் ஒன்றும் இல்லாத புட்டியை, யார் செய்திருப்பினும், வைத்துவிட்டு வருவதே நலம்.

"பதப்பொருள் சேர்க்காதது" என்ற விளம்பரத்தைக் கண்டு மகிழ்வோர் பலர். ஊறுகாயில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சோடியம் பென்சோவேட் (ஐ.என்.எஸ். 211) அனுமதிக்கப்பட்ட அளவில் அஞ்சத்தக்கதன்று; எனினும் அது புளிப்புள்ள இடத்தில்தான் வேலை செய்யும். புளிப்பில்லாத ஊறுகாய்க்கு அதுவும் காவலாகாது. ஆக, அது இருப்பதையோ இல்லாமையையோ கொண்டு மட்டும் தீர்ப்பிட வேண்டாம்.

இனி எண்ணெய். முகப்பில் எள் படம் அச்சிட்டு, பின்புறத்தில் பாமாயிலை முதலில் எழுதியிருப்பதைக் காணலாம். "தாவர எண்ணெய்" என்று மட்டும் எழுதுவது போதாது. இன்ன எண்ணெய் என்று பெயர் கூறவேண்டும். நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள செசமால் போன்ற பொருட்கள் சிக்கலடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. நம் முன்னோர் அதனைத் தேர்ந்தமைக்கு மணம் மட்டும் காரணமன்று. எண்ணெய் ஊறுகாயில் காய்க்கு மேல் குறைந்தது அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கவேண்டும், அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கேனும் எண்ணெய் இருக்கவேண்டும் என்பது அரசு விதி. விரலளவு வேண்டியதில்லை, காய் வெளியே தலைநீட்டாதிருந்தால் சரி.

பலர் கவனியாது விடுவது தொகுதி எண்ணை. பாட்ச் எண் என்றும் லாட் எண் என்றும் அதனை எழுதுவர். சிறு உற்பத்தியாளர் ஒருவர் மார்ச் 12ஆம் நாள் இரண்டு சட்டி ஊறுகாய் கிளறினார் என்று வைத்துக்கொள்வோம். முதற் சட்டிக்கு 1203-1, அடுத்ததற்கு 1203-2 என்று முத்திரையிட்டு, எந்தச் சட்டிக்கு எத்தனை கிலோ வெங்காயம், எவ்வளவு புளி, எந்த டின் எண்ணெய் என நோட்டில் குறித்திருந்தால், இரண்டாம் சட்டியில் குறை தெரிந்தவுடன் அப்புட்டிகளை மட்டும் திரும்பப் பெறலாம். எண் இல்லையேல் எல்லாவற்றையும் கொட்டவேண்டும், அல்லது கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். லேபிளோடு சேர்த்தே அச்சடித்த, மாதக்கணக்கில் மாறாத தொகுதி எண் வெறும் அலங்காரமே. கையால் எழுதியதாயினும், சட்டிக்குச் சட்டி மாறும் எண்ணே நம்பத்தக்கது. விற்பவரிடம், "இந்த எண் எதைக் குறிக்கிறது, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், நோட்டு வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார்.

அருகில் காணும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் வேறு. அது 2இல் தொடங்கினால் சிறு உற்பத்தியாளரின் பதிவு, 1இல் தொடங்கினால் உரிமம். அடுத்து வரும் 24 தமிழ்நாட்டைக் குறிக்கும். அது ஆளைக் காட்டுமே தவிர, சட்டியைக் காட்டாது.

அப்பளத்திற்கு இவ்வளவு விசாரணை வேண்டியதில்லை. உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம் இவற்றால் ஆகி நன்கு காய்ந்த பண்டத்திற்குப் பதப்பொருள் எதற்கு? சேர்மானத்தில் உளுந்து முதலில் நிற்கிறதா, மைதா முந்திக்கொண்டதா என்று பார்த்தால் போதும். ஆனால் தொகுதி எண் இங்கும் வேண்டும். வெயிலில் உலர்த்துவதாகையால், மேகம் மூடிய நாளின் அப்பளமும் சித்திரை வெயிலின் அப்பளமும் ஒன்றல்ல. ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடியாமல் துவண்டால் அதில் ஈரம் மிஞ்சியுள்ளது. பூஞ்சணம் பின்னால் வரும். கட்டைப் பிரித்ததும் கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி தென்பட்டால், அந்த ஒன்றை மட்டும் எறியாமல் கட்டு முழுவதையும் எண்ணோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.