காய்ச்சிய பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும் கறந்த பால் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டுக்குக் காசநோயோ புருசெல்லா தொற்றோ இருந்தால், கிருமி மடியிலிருந்தே பாலில் இறங்கிவிடும். நிறமும் மணமும் காட்டிக்கொடுக்காது. பச்சைப் பாலைக் குடிக்கவே கூடாது.

பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் வழக்கமான முறையில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிரவைக்கிறார்கள். நோய்க்கிருமிகள் செத்துவிடும், பாலைக் கெடுக்கும் சில நுண்ணுயிர்கள் மிஞ்சும், குளிர்ச்சி விட்டதும் பெருகும். வெயிலில் கிடந்த பாக்கெட் சீக்கிரம் திரிவது இதனால்தான்.

வீட்டில் பொங்கிய பின் தீயைக் குறைத்து, கிளறியபடி ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டால் கறந்த பாலும் பாதுகாப்பாகிவிடும். ஆனாலும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியையும் தாங்கி, பால் வெதுவெதுப்பாக இருக்கையில் முளைக்கும். ஆகவே ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பாலைச் சீக்கிரம் ஆறவைப்பதே முக்கியம். மூடிய பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றி, அதன் நுனி தண்ணீரில் தோயும்படி காற்றோட்டத்தில் வைக்கலாம். ஆவியாகும் நீர் சூட்டை இழுத்துக்கொள்ளும். சென்னைப் புழுக்கத்தில் இது அவ்வளவாக எடுபடாது. வறண்ட ஊர்களில் நன்றாகவே பலிக்கும்.

காலை 6 மணிக்குக் காய்ச்சிய பாலை 10 மணிக்குள் மறுபடி பொங்கவைப்பது நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியே சுடவைத்துப் பார்க்கலாம். திரிந்தால் மீதியையும் கொட்டிவிட வேண்டும். சில பாக்டீரியாக்கள் விட்டுப்போன நச்சு மறுகொதியில் அழியாது.