பால் மறைப்பதும் மறைக்காததும்

பால் சேர்த்தால் டீயின் நன்மை போய்விடும் என்ற பேச்சு வலுத்தது 2007-ல். பெர்லின் சாரித்தே மருத்துவமனை ஆய்வாளர்கள் 16 பெண்களுக்குப் பால் இல்லாத டீயும், பத்தில் ஒரு பங்கு ஆடை நீக்கிய பால் சேர்த்த டீயும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் டீ குடித்ததும் ரத்தக்குழாய் நன்றாக விரிந்து கொடுத்தது. பால் கலந்த டீயில் அந்தப் பலன் இல்லை.

காரணம் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம். டீயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களை அது பற்றிக்கொள்ளும். வெறும் டீ குடிக்கும்போது டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான் நாக்கு வறண்டு இழுக்கிறது. பால் ஊற்றினால் அந்த இடத்தைக் கேசீன் எடுத்துக்கொள்கிறது, துவர்ப்பு அடங்குகிறது.

ஆனால் பற்றிக்கொண்டது அப்படியே வீணாகிவிடுவதில்லை. வயிற்றிலும் குடலிலும் கேசீன் செரித்துச் சிதையும்போது பிடியும் தளரும். 1998-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், டீயின் முக்கிய ஆன்டிஆக்சிடன்டான கேட்டசின்கள் ரத்தத்தில் ஏறிய அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெர்லின் ஆய்வு சிறியது, ஒரு வேளை விளைவை மட்டும் பார்த்தது. அதை நம்பி யாரும் பால் டீயைக் கைவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

எனக்குக் கவலை வேறொன்றில். தூள் தண்ணீரில் விழுந்த முதல் சில நிமிடங்களிலேயே காஃபீனில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதன் பிறகும் கொதிக்கக் கொதிக்க டானின் இறங்கிக்கொண்டே இருக்கும். கேட்டசின்களில் ஒரு பகுதி சூட்டில் உருமாறும், சிதையும். அடுப்பிலேயே கிடக்கும் டிகாஷன் கறுத்துக் கடுப்பாவது இதனால்தான். அதில் பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால், எவ்வளவு டானின் குடிக்கிறோம் என்பது நாக்குக்கே தெரியாது.

நாக்கை ஏமாற்றும் பால், குடலில் இரும்புச்சத்தைக் காப்பாற்றுவதில்லை. டானின் வகைச் சேர்மங்கள் கீரை, பயறு, தானியங்களில் உள்ள இரும்பைப் பிடித்து, உடலில் சேரவிடாமல் செய்கின்றன. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டியோடு பிளாக் டீ குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் சேர்த்தும் பெரிய மாற்றமில்லை. தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகையோடு இருக்கும்போது, இட்லியோடும் தோசையோடும் டீ குடிக்கும் பழக்கம் சின்ன விஷயமல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு மூடி, மூன்று நான்கு நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். பாலைத் தனியே காய்ச்சிக் கலந்துகொள்ளுங்கள். வடித்த சக்கையை மறுபடி கொதிக்கவைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயைத் தள்ளிவையுங்கள். ஐசிஎம்ஆரின் 2024 உணவு வழிகாட்டியும் அதையே சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டீயோடு மட்டும் விழுங்காதீர்கள்.