பெயரில் ஒரு எழுத்துப் பிழை

சென்ற ஆண்டு தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் அம்மாவுக்குக் கடன் தருவதாகத் தொடர்ந்து அழைப்புகள் வந்தன. பெயர் சொல்லி, வீட்டு முகவரியும் சொல்லிப் பேசினார்கள். எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிப்பது பொதுவாகக் கடினம். எங்களுக்கு ஒரு துப்பு கிடைத்தது. வாட்ஸ்அப்பில் வந்த கடன் விளம்பரத்தில் அம்மாவின் பெயர் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. அடையாள அட்டையில் அப்படி இல்லை, வங்கியிலும் இல்லை. அலமாரியில் இருந்த பழைய ரசீதுகளைப் புரட்டினேன். தவணையில் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கிய கடையின் ரசீதில் அதே பிழை! கடைசித் தவணையைக் கட்டி முடித்து ஓராண்டு ஆகியிருந்தது.

கடைக்குப் போய், “அம்மாவோட விவரத்தை எல்லாம் அழிச்சிடுங்க” என்றேன். “கணக்குக்காக ஏழு வருஷம் வெச்சிருக்கணும் அக்கா, அழிக்க முடியாது” என்றார் முகப்பில் இருந்த தம்பி.

அவர் சொன்னதில் பாதி சரி. வருமான வரிச் சட்டப்படி வணிகக் கணக்குகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். தவிர, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தில், ஐரோப்பாவில் இருப்பதுபோல் “அழிக்கச் சொல்லும் உரிமை” என்று தனியாக எதுவும் இல்லை. 2024-ல் வந்த திருத்தமும் அதைச் சேர்க்கவில்லை. “அழித்து விடுங்கள்” என்று ஒரே வரியில் எழுதினால் ஏழாண்டு கதையைச் சொல்லி அனுப்பிவிடலாம். எனவே கேட்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அம்மா கையொப்பமிட்டார். விவரம் அவருடையது, ஆகவே கேட்பவரும் அவர்தான். முதலில், 30-ஆம் பிரிவின்படி, தன்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று நகல் கேட்டார். இதற்கு 21 நாளில் பதில் தர வேண்டும். வெளியாருக்குக் கொடுத்த விவரங்களின் பட்டியலை நிறுவனம் பராமரிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அதையும் கேட்டோம். அடுத்து, 38-ஆம் பிரிவின்படி தான் முன்பு கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்வதாகவும், 43-ஆம் பிரிவின்படி விளம்பரத்துக்குத் தன் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதினார். கடைசியாக 10-ஆம் பிரிவு. நோக்கம் முடிந்த பிறகு விவரத்தை வைத்திருக்கக் கூடாது, நிரந்தரமாக அழிக்க வேண்டும் என்பது அது. இங்கேதான் கவனமாக இருந்தோம். ரசீதையும் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நகல், கைப்பேசி எண், அவசரத் தொடர்புக்குக் கொடுத்த என் எண் ஆகியவற்றை அழியுங்கள் என்று தனித்தனியாகக் குறிப்பிட்டோம். வரிக் கணக்குக்கு அடையாள அட்டை நகல் எதற்கு?

தவணை பாக்கி இருக்கும்போது இப்படிச் சம்மதத்தை மீட்டுக்கொள்வது சிக்கலாகும். கடன் முடிந்த கடிதத்தை இணைத்தது அதனால்தான். பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்தினேன். நேரில் பேசியதற்குச் சாட்சி இல்லை. இந்தச் சட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்த அறிவிப்புக்குத்தான் மதிப்பு.

21 நாள் கழிந்தது. நிறுவனக் கொள்கைப்படி விவரம் நீக்கப்படாது என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்குப் பதிலே இல்லை.

அந்த மறுப்பே எங்களுக்கு ஆதாரமானது. புத்ராஜெயாவில் உள்ள தனிநபர் தரவு பாதுகாப்புத் துறைக்கு, அதாவது ஜேபிடிபிக்கு, அம்மாவின் பெயரில் புகார் எழுதினோம். 104-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. துறையின் அகப்பக்கம் pdp.gov.my. புகாரில் ஆத்திரத்தைக் கொட்டவில்லை, தேதி வாரியாக நடந்ததை மட்டும் எழுதினோம். கடிதம், தபால் சீட்டு, மறுப்பு மின்னஞ்சல், அழைப்பு வந்த நாள் நேரம், இரண்டு இடத்திலும் ஒரே பிழை தெரியும் ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு. அற்பமான புகார் என்று கருதினால் ஆணையர் விசாரிக்க மறுக்கலாம். ரசீதும் ஸ்கிரீன்ஷாட்டும் அருகருகே இருந்தது உதவியது என்றே நினைக்கிறேன்.

ஆணையர் நிறுவனத்தை விசாரிக்கலாம், திருத்திக்கொள்ள உத்தரவிடலாம். சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தருவது அவர் வேலை இல்லை. மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. பணத்தை ஏமாற்றிப் பறித்திருந்தால் போக வேண்டிய இடம் போலீஸ்.

புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் துறையிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு சில வாரங்களில் கடையிலிருந்து இரண்டாவது மின்னஞ்சல்: அடையாள அட்டை நகலும் இரண்டு எண்களும் நீக்கப்பட்டன, ரசீது மட்டும் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தோம் என்ற கேள்விக்கு ஒரு நிறுவனத்தின் பெயரையும் தந்திருந்தார்கள்.

அந்த நிறுவனத்திடம் போன நகல் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. இரண்டாவது கடிதத்தில் அம்மா நேற்று கையொப்பமிட்டார்.